நண்பகலில் நின்றுவிடும் நடுக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வயதான தகப்பனாரை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள், கை நடுக்கம், மறதி, தள்ளாட்டம், தூக்கமின்மை, சாப்பாட்டில் நாட்டமில்லாமை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "எல்லாம் வயசுதான சார்" என்று முடிவையும் தாங்களே சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றோ மனைவியை இழந்தோ தனியாக இருக்கிற ஒருவருக்கு இவை ஓராண்டு, ஈராண்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்குமானால், வயதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மதுவைப் பற்றி விசாரிப்பேன். விசாரித்தால், "எங்க அப்பாவா? கல்யாணம் காட்சின்னா கொஞ்சம் எடுப்பாங்க, அவ்வளவுதான்" என்பார்கள். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அறிந்த அப்பா அப்படித்தான் இருந்தார். நாற்பது ஆண்டுகள் அளவோடு இருந்த ஒருவர் அறுபதுக்கு மேல் தினக்குடிக்குப் போவதை நாங்கள் பிற்காலக் குடி என்று தனியாகவே பிரித்துப் பார்க்கிறோம்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அவர் வீரவநல்லூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் மனைவியின் பொறுப்பு. அந்த அம்மாள் காலமானபின் பதினாறாம் நாள் காரியம்வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பதினேழாம் நாள் மகன் சென்னைக்கும் மகள் கோவில்பட்டிக்கும் திரும்பினார்கள். நம் ஊர்களில் துக்கம் விசாரிக்க வருவோருக்குக் குறைவே கிடையாது. ஆனால் எல்லோரும் அந்தப் பதினாறு நாளுக்குள் வந்து போய்விடுகிறார்கள்.

அவருக்குக் கடினமாக இருந்தது பகல் பொழுது அல்ல. காலையில் ஆற்றுக் குளியல், பிறகு டீக்கடைச் செய்தித்தாள் என்று நண்பகல்வரை ஓடிவிடும். மாலை ஐந்திலிருந்து எட்டுவரைதான் நகராது. பணியில் இருந்த காலத்தில் வசூலை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வரும் நேரம் அது. மனைவி காப்பி போட்டுக் கொடுத்து அன்றைய கதையைக் கேட்கும் நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் முதலில் ஒரு கட்டிங் வந்தது. தூக்கம் வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. மதுவால் வருகிற தூக்கம் நள்ளிரவு தாண்டியதும் கலைந்துவிடும். இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டவர் மறுநாள் இன்னும் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வார். ஆறேழு மாதத்தில் கட்டிங் குவாட்டர் ஆயிற்று.

குவாட்டர் என்பது 180 மில்லி. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். கணக்கிட்டால் ஒரு குவாட்டரில் ஏறத்தாழ 60 கிராம் வருகிறது. 10 கிராமை ஓர் அளவு என்று நாங்கள் வைத்திருப்பதால், அது ஆறு அளவு. முப்பது வயதுக்காரருக்கே அது அதிகம். வயதாக ஆகத் தசையும் உடம்பிலுள்ள நீரும் குறைந்துகொண்டே வருவதால், அதே குவாட்டர் குறைந்த நீரில் கரைந்து இரத்தத்தில் கூடுதல் செறிவில் நிற்கும். ஈரல் அதை வெளியேற்றவும் தாமதமாகும். "அந்தக் காலத்துல இதைவிட அதிகமாக் குடிச்சிட்டு மறுநாள் டூட்டி பார்த்தேன்" என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். குடித்த உடம்பு இப்போது வேறு.

வீட்டாருக்குத் தென்பட்ட முதல் அறிகுறி கை நடுக்கம். விடுமுறைக்கு வந்த மருமகள், மாமனார் காலைக் காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைத் தம்ளரிடம் கொண்டுபோய்க் குடிப்பதைப் பார்த்திருக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது அதே கையால் ரசம் சிந்தாமல் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறார். இந்த வேறுபாட்டை அவர் என்னிடம் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். கை மடியில் சும்மா கிடக்கும்போது அதிகமாகத் தெரியும். இரவு குடித்தது இறங்குவதால் வரும் நடுக்கம் இரண்டு கையிலும் இருக்கும். எதையாவது பிடிக்கும்போது கூடும். காலையில் மோசமாக இருந்து, அடுத்த முறை குடித்ததும் அடங்கிவிடும். கடை திறப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்கு மேல் நின்றுவிடுகிற நடுக்கத்தை வயதின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது அறிகுறி தொலைபேசியில் இருந்தது. முன்பெல்லாம் இரவு ஒன்பதுக்குப் பேரனோடு பேசுவார். இப்போது ஆறு மணிக்கே தாமாக அழைத்துப் பேசி முடித்துவிடுகிறார். இரவில் அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்துப் பேசினாலும், பேசியதை மறுநாள் முதன்முறை கேட்பதுபோலக் கேட்கிறார். முதுமை மறதியில் பகலில் பேசியதும் மறந்துபோகும். இவருக்கோ காலையில் பேசியதெல்லாம் நினைவிருந்தது, இரவில் பேசியவை மட்டும் போயின. மகள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் இரவு தங்காமல் கடைசிப் பேருந்தைப் பிடித்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அறிகுறி சற்று ஆபத்தானது. ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று தட்டியும் பதில் வராமல் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் வியர்வையில் நனைந்து உளறிக்கொண்டிருந்தார். சர்க்கரை 48. இராத்திரி அவர் மாத்திரையைப் போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை, குடித்திருக்கிறார். பட்டினி கிடக்கும் இரவில் புதிதாகச் சர்க்கரை தயாரித்து இரத்தத்தில் விடுவது ஈரலின் வேலை. மதுவைக் கையாளும் நேரத்தில் அந்தத் தயாரிப்பு தடைப்படும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினைச் சுரக்கச்செய்து இருக்கிற சர்க்கரையையும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டார் மாத்திரை அளவைக் குறைத்ததோடு விட்டுவிட்டார்கள். மதுவோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே மந்தப்படும். வயதான பெண்களிடம் நான் அதிகம் காண்பது தூக்க மாத்திரைப் பழக்கம். அது தனியாகவே ஒரு நாள் பேச வேண்டியது.

இதற்குப் பிறகு மகன் செய்தது எந்த நல்ல மகனும் செய்யக்கூடியது. தகப்பனாரைக் கையோடு சென்னைக்கு அழைத்துப்போய், வெளியே விடாமல் வைத்துக்கொண்டார். முதல் நாள் வியர்வையும் எரிச்சலும். இரண்டாம் இரவு தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் மாலை, பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் காற்றில் நீட்டி, "மேலச்செவல், பத்தமடை, சேரன்மாதேவி... உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்தார். மருமகள் திருநீறு பூசிவிட்டார். உறவினர் ஒருவர், செத்துப்போனவள் நினைப்பில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்.

தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் குழப்பநிலை இது. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தக் குழப்பம் வரலாம். தம் தொழிலையே கையால் செய்துகொண்டிருப்பது இதில் நாங்கள் அடிக்கடி காண்பது. தையல்காரர் ஊசி கோர்ப்பார், விவசாயி வாய்க்கால் வெட்டுவார். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெரியவர் மூன்றாம் நாள் உளறத் தொடங்கும்போதும் இதை நினைக்க வேண்டும். உள்ளே படுத்திருந்த நாட்களெல்லாம் அவர் குடிக்காமல் இருந்த நாட்கள். வயதானவருக்கு இது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே, தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால் வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். குழப்பமோ வலிப்போ வந்துவிட்டால் 108ஐ அழையுங்கள்.

நல்லவேளையாக அன்றிரவே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகக் கொடுத்து, ஈரலுக்குப் பாரமில்லாத அமைதி மருந்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வாரத்தில் தெளிந்தார். தயமினை ஒரு சத்து ஊசி என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அது குறைந்துபோயிருக்கும்போது நடை தள்ளாடும், கண் அசைவு மாறும், நினைவு நிரந்தரமாகப் பழுதுபடவும் கூடும்.

வீட்டுக்கு வந்தபின் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். அவர் தங்கை வீட்டிலிருந்து இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் வந்துவிடும். கொண்டுவரும் மருமகப்பிள்ளை அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஓய்வூதியர் சங்கத்தில் மனு எழுதிக்கொடுக்கும் வேலையை மாலை நேரத்தில் ஏற்றுக்கொண்டார். மனைவியின் வருஷத் திதி நெருங்கியபோது இரண்டு நாள் மறுபடியும் குடித்தார். மகன் கோபப்படாமல் உடனே அழைத்து வந்ததால் அது இரண்டு நாளோடு நின்றது. முதுமையில் தொடங்கிய குடி, இளமையிலிருந்தே தொடரும் குடியைவிடச் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது என்பது எங்கள் துறையில் அறிந்த விஷயம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. குடியை மறக்கடிக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடியைச் சாம்பாரில் தெரியாமல் கலப்பது. அவற்றில் சிலவற்றில் டைசல்பிரம் என்னும் மருந்து இருக்கக்கூடும். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயமே தடுமாறும். வயதானவருக்கு, அதுவும் அவர் அறியாமல், அதைக் கொடுப்பது கொலைக்குச் சமானம் என்றே சொல்வேன்.

பேச்சைத் தொடங்குவது எப்படி என்று கேட்பார்கள். குடித்திருக்கும் மாலையில் வேண்டாம். காலையில், வேறு யாரும் இல்லாதபோது. "குடிக்கிறீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "சாயங்காலப் பொழுது எப்படிப்பா போகுது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசப் பேச, "ஒரு குவாட்டர் எத்தனை நாளைக்கு வருது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லாததால் பலர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். "எனக்கு என்ன இருக்கு, அவ கிட்டயே போயிருவேன்" என்று சொன்னால், அதை வெறும் புலம்பலாகத் தள்ளாதீர்கள். அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வருகிறவர்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதையும், கடந்த இரண்டு மாதத்தில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டாரா என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சிறிய அடியாக இருந்தாலும் மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்துத்தான் மயக்கமாகவும் தடுமாற்றமாகவும் தெரியும் என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.