மூன்று கேள்வி, ஒரு வெந்நீர்த் தொட்டி: ராமேஸ்வரம் லாட்ஜுக்கு ஒரு சர்வே

[திரையில்: ரிசப்ஷன் மேசை, பக்கத்தில் ஈரத் துண்டோடு நிற்கும் குடும்பம்]

வணக்கம். ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ரூம் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருகிறான்.

"ரூமெல்லாம் நல்லா இருந்துச்சா சார்?"

"நல்லா இருந்துச்சுப்பா, வர்றோம்."

வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும், இந்த நிலையில் யாருமே வேறு பதில் சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே ஒரு பையனிடம் குறை சொல்ல நம் ஆட்களுக்கு மனசும் வராது. அதனால் செக்கவுட் மேசையில் ஐந்து நட்சத்திரம் கேட்கிற டேப்லெட்டை வைப்பதை நான் காசுக்குப் பிடித்த கேடு என்றே சொல்வேன். ரயில் பாம்பன் தாண்டி, ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து போனை எடுக்கிற நேரம்தான் சரியான நேரம். கிளம்பி ஓரிரண்டு மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போதும்.

கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த மூன்றையும் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது.

[திரையில்: "அறையும் சேவையும் திருப்தியாக இருந்ததா?" – மேலே சிவப்புக் கோடு]

இந்தக் கேள்வியைப் பாருங்கள். அறை நன்றாக இருந்தது, ஆனால் சாவி வாங்க அரை மணி நேரம் நின்றேன் என்கிறவர் இதற்கு ஆமாம் என்பாரா, இல்லை என்பாரா? இரண்டு விஷயத்தை ஒரே கேள்வியில் கட்டிவிட்டோம். இன்னொரு கோளாறு, "திருப்தி" என்பது அபிப்பிராயம். 'ஓரளவு திருப்தி' என்று பத்துப் பேர் போட்டால் மறுநாள் காலை நீங்கள் எந்தக் குழாயைப் போய்ப் பார்ப்பீர்கள்? அதனால் நடந்ததைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: "காலையில் எப்போது குளித்துக் கிளம்பினீர்கள்?" 5 மணிக்கு முன், 5 முதல் 9, அதற்குப் பிறகு. இதில் குறை எதுவும் வராது, ஆனால் விடாதீர்கள், ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இரண்டாவது: "இவற்றில் எதில் சிரமம் இருந்தது?" வெந்நீர், தண்ணீரில் உப்பு, ஈரத்துணி காயப்போட இடம், சத்தம், சாவிக்குக் காத்திருந்தது, எதிலும் இல்லை. அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வருகிறவர்களுக்கு ஈரத்துணி பெரிய பாடு, மதுரை லாட்ஜ்காரர் இந்தப் பட்டியலில் அதைச் சேர்க்கவே மாட்டார். பட்டியல் உங்கள் ஊருடையதாக இருக்கட்டும்.

மூன்றாவது, எழுதுகிற கேள்வி: "ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" பலர் காலியாக விடுவார்கள், விடட்டும். கட்டாயமாக்கினால் ஃபார்மையே மூடிவிட்டுப் போவார்கள்.

கூகுள் ஃபார்மில் செய்கிறீர்கள் என்றால் தமிழுக்கு ஒன்று, இந்திக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுங்கள். வடக்கிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் ஃபார்ம் போனால் பதில் வராது, அப்புறம் நம் கணக்கில் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமே விருந்தாளிகளாக நிற்கும். போனில் தட்டத் தயங்கும் பெரியவர்களுக்கு அதே மூன்று கேள்வியை ஒரு அட்டையில் அச்சடித்து அறையிலேயே வைத்து, போடுவதற்குப் பூட்டிய பெட்டி ஒன்றை மாடிப்படிக்குக் கீழே வையுங்கள். ரிசப்ஷன் மேசையில் வேண்டாம்.

சரி, எல்லா ஃபார்மிலும் அட்டையிலும் வந்ததைத் தமிழில் ஒரே ஷீட்டில் சேர்த்தால் 40 பதில் என்று வைத்துக்கொள்வோம். இனி நான் சொல்கிற எண்ணெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

12 பேர் வெந்நீரை டிக் செய்திருக்கிறார்கள். முதலாளி என்ன செய்வார்? எல்லா அறைக்கும் கீசர் விலை விசாரிப்பார். அதற்கு முன்னால் முதல் கேள்வியோடு சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். 5 மணிக்கு முன் கிளம்பியவர்கள் 14 பேர், அதில் 11 பேருக்கு வெந்நீர் இல்லை. மற்ற 26 பேரில் ஒருவருக்குத்தான் சிரமம். அதாவது பிரச்சினை வெந்நீர் அல்ல, விடியற்காலை வெந்நீர். கோயிலில் விடியற்காலை நடக்கிற ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள்!

[திரையில்: ஷீட்டில் இந்தச் சூத்திரம்]

```
=COUNTIFS(B:B,"5 மணிக்கு முன்",C:C,"*வெந்நீர்*")
```

வெந்நீருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி ஏன் என்றால், ஒருவர் இரண்டு மூன்று டிக் போட்டால் ஃபார்ம் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் காற்புள்ளி போட்டு அடைத்துவிடும். குறி இல்லாவிட்டால் வெந்நீரை மட்டும் டிக் செய்தவர்கள்தான் எண்ணப்படுவார்கள்.

இனி ஷீட்டை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். 500 லிட்டர் சோலார் ஹீட்டர். சாயங்காலம் தனுஷ்கோடி போய் வந்தவர்கள் எல்லாரும் குளித்துத் தீர்த்திருப்பார்கள், எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறிவிடும், இரவில் வெயில் ஏது? விடியற்காலை 4 மணிக்குத் தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீர்தான்.

உடனே தோன்றுவது, உள்ளே மின்சாரக் காயில் போட்டு 3 மணிக்கு ஆன் ஆகும்படி டைமர் வைப்பது. அது நடக்காது. 500 லிட்டரை 20 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 11.6 யூனிட் மின்சாரம் வேண்டும், 2 கிலோவாட் காயில் அதற்கு 6 மணி நேரம் எடுக்கும். இரவு 10 மணிக்கே ஆன் ஆக வேண்டும், தினமும் அந்தச் செலவு. உப்பும் கடினமும் உள்ள தண்ணீர் என்றால் காயிலில் காரை படிந்து அதுவும் சீக்கிரம் போகும்.

மலிவான வழி ரிசப்ஷனில் இருக்கிறது. நான்கு அறையில் மட்டும் சின்ன கீசர் மாட்டுங்கள். அறை கொடுக்கும்போதே, "காலையில ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டு, போகிறவர்களுக்கு அந்த அறைகளைக் கொடுங்கள். நான்கும் நிரம்பிவிட்டால், காலையில் வெந்நீர் இருக்காது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள், சொல்லாமல் விட்டால்தான் சண்டை.

அப்புறம், குறை சொன்னவர்களில் நம்பர் கொடுத்தவர்களுக்கு "நீங்கள் சொன்னபடி கீசர் போட்டுவிட்டோம்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். சலுகை, தள்ளுபடி என்று அதே நம்பருக்கு விளம்பரம் அனுப்பத் தொடங்கினால் அடுத்த சர்வேயை யாரும் திறக்க மாட்டார்கள். இன்னொன்று: நல்லதாகப் பதில் போட்டவர்களுக்கு மட்டும் கூகுள் ரிவ்யூ லிங்க் அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாராட்டுகிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ரிவ்யூ கேட்பது கூகுள் விதிப்படியே கூடாது. கேட்டால் எல்லாரிடமும் கேளுங்கள்.

சரியாயிற்றா என்று பார்க்க அதே கேள்வியை, ஒரு சொல் கூட மாற்றாமல், இன்னொரு 40 பேரிடம் கேளுங்கள். 12 பேர் 10 பேரானால் குதிக்காதீர்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் எதையும் மாற்றாமலே ஆறு பேர் கூடலாம், குறையலாம். 4 ஆனால் நம்பலாம். விடியலில் கிளம்புகிறவர்கள் இந்த முறையும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களே குறைந்திருந்தால் வெந்நீர்க் குறையும் தானாகக் குறையும், அதற்குக் கீசர் காரணம் இல்லை.