மூன்று வரிக்குள் ஒரு நிபந்தனை

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன் நான். கூட்ட அறிக்கை எழுதுவதும், அதைச் சுருக்குவதும், சுருக்கியதை மறுபடி சுருக்கி அறிவித்தல் பலகையில் ஒட்டுவதும் என் வேலையாக இருந்தன. இந்த மூன்றாவது வேலையைப் பற்றி, அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு சுருக்கத்தை இன்னும் குறுக்கும்போது மூல அறிக்கையின் பொருள் எப்படி நழுவுகிறது என்பதைப் பற்றி, நான் செய்த ஒரு பிழையை வைத்தே பேசுகிறேன்.

சிறுபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் இருக்கும் தண்ணீரைக் கணக்கிட்டு, எவ்வளவு காணி, எந்தப் பயிர், துருசு எப்போது திறக்கப்படும் என்று முடிவு செய்வது வழக்கம். அந்த ஆண்டின் கூட்ட அறிக்கை ஆறு பக்கங்கள். அதன் ஏழாவது பந்தி இப்படி இருந்தது: "இம்மாதம் 31ஆம் திகதி குளத்தின் நீர்மட்டம் 18 அடிக்குக் குறையாதிருப்பின், வலதுகரை வாய்க்காலின் கீழ் 400 ஏக்கரில் மூன்று மாத நெல்லைச் செய்கைபண்ணலாம் என நீர்ப்பாசனப் பொறியியலாளர் தெரிவித்தார்; குறைந்தால் அதே காணியில் உழுந்து, பயறு போன்ற உப உணவுப் பயிர்களுக்கு மாத்திரம் தண்ணீர் விடுவதெனக் கூட்டம் ஏற்றுக்கொண்டது."

இதை ஒரு பக்கச் சுருக்கமாக எழுதியபோது, "நீர்மட்டம் போதுமானதாக இருந்தால் வலதுகரையில் 400 ஏக்கரில் நெல் செய்கைபண்ணலாம்" என்று எழுதினேன். இங்கு நிபந்தனை உயிரோடுதான் இருந்தது; ஆனால் 18 அடியும் 31ஆம் திகதியும் "போதுமானது" என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துவிட்டன. நான்கு நாட்கள் கழித்துப் பலகைக்கு மூன்று வரி தேவைப்பட்டது. அப்போது நான் ஆறு பக்க அறிக்கையைத் திறக்கவில்லை. ஒரு பக்கச் சுருக்கத்தைப் பார்த்து, "போதுமானதாக இருந்தால்" என்பது யாவரும் அறிந்த விடயம்தானே என்று நினைத்து அதை வெட்டினேன். பலகையில் நின்றது: "வலதுகரை 400 ஏக்கர் நெல் செய்கைக்கு அனுமதி."

மாத முடிவில் நீர்மட்டம் 18 அடிக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முன்னரே பலகையைப் பார்த்த ஒரு முதியவர் இரண்டு ஏக்கருக்கென நான்கு புசல் விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைக்க வைத்துவிட்டார். முளைவிட்ட நெல்லைத் திரும்பக் காயவைத்து விதையாக வைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அவர் என்னிடம் வந்து, "தம்பி, நீ எழுதினதை வாசிச்சுத்தான் போட்டனான்" என்று மட்டும் சொன்னார்.

பிழையைப் பின்னோக்கிப் பார்த்தபோது இரண்டு சங்கதிகள் தெரிந்தன. முதலாவது, இரண்டாம் சுருக்கத்தில் நான் வெட்டிய சொல் முதற் சுருக்கத்திலேயே மெலிந்து போயிருந்தது. 18 அடி என்ற எண் கண்ணில் பட்டிருந்தால் வெட்டும் கை தயங்கியிருக்கும். "போதுமானது" என்ற சொல்லை வெட்ட யாரும் தயங்குவதில்லை. ஆகவே சுருக்கத்திலிருந்து சுருக்கும்போது, எதை வைத்துக்கொள்வது என்பதைச் சுருக்கத்தைப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம், ஆனால் அதை எழுதும் சொற்களை மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நான் வெட்டிய இடமே தவறு. இடம் போதாதபோது நாம் எல்லாக் கருத்துகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் ஓரத்தையும் செதுக்குகிறோம். அந்த ஓரங்களில்தான் "இருந்தால்", "மாத்திரம்", "வரை", "சிலர்", "தவிர" என்பன இருக்கின்றன. அதற்குப் பதிலாக, கூட்டத்தில் பேசப்பட்ட பசளை விநியோகம், அடுத்த கூட்டத் திகதி போன்ற முழுக் கருத்துகளில் ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சியதை அதன் நிபந்தனையோடு முழுதாக வைத்திருக்க வேண்டும். விடுபட்ட கருத்தைத் தேடி ஒருவர் அலுவலகத்துக்கு வருவார். திரிந்த கருத்தைத் தேடி எவரும் வரமாட்டார், ஏனெனில் அது திரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

தமிழில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம். நம் வாக்கியத்தில் பொறுப்பைச் சுமப்பது கடைசியில் வரும் வினைமுற்று. "கேட்டனர்", "கூறப்பட்டது", "தீர்மானிக்கப்பட்டது", "செய்யலாம்" ஆகியவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. பலகைக்காக வாக்கியத்தைப் பெயர்ச்சொல்லாக்கும்போது முதலில் போவது அந்த வினைமுற்றுத்தான். அதே அறிக்கையின் ஒன்பதாவது பந்தியில், வாய்க்காலின் கடைப்பகுதியில் தூர் அகற்றித் தருமாறு விவசாயிகள் சிலர் கேட்டதாகவும், நிதி கிடைத்தால் பரிசீலிப்பதாகத் திணைக்களத்தின் சார்பில் கூறப்பட்டதாகவும் இருந்தது. முதற் சுருக்கத்தில் அது "தூரகற்றல் பற்றிப் பேசப்பட்டது" ஆயிற்று. பலகையில் "வாய்க்கால் தூரகற்றல்" என்று இரண்டே சொற்கள். அது நடந்துவிட்டதா, நடக்கப் போகிறதா, வெறும் கோரிக்கையா என்று அந்த இரண்டு சொற்களைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. கடைமடைக் காணிக்காரர் ஒருவர் எந்த நாளில் யந்திரம் வரும் என்று கேட்டு வந்தபோதுதான் எனக்கும் அது உறைத்தது.

பின்னர் நான் கைக்கொண்ட முறை எளியது. மூன்று வரியை எழுதி முடித்ததும், ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் மூல அறிக்கையின் பந்தி இலக்கத்தை எழுதுவேன். சுருக்கத்தின் இலக்கம் செல்லாது. இலக்கம் எழுத முடியாத கூற்று என்னுடையது, கூட்டத்தினுடையது அன்று, அதை அழிப்பேன். பிறகு அந்தப் பந்தியை விரலால் தொட்டுக்கொண்டு, யார் சொன்னார், எந்த நிபந்தனையில், எவ்வளவுக்கு, முடிவா கோரிக்கையா என்று பார்ப்பேன். இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுப்பதில்லை.

அந்த அறிவித்தலை இந்த முறையில் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்: "31ஆம் திகதி குளத்தில் 18 அடிக்குக் குறையாமல் தண்ணீர் இருந்தால் மாத்திரம் வலதுகரையில் 400 ஏக்கரில் மூன்று மாத நெல். குறைந்தால் உழுந்து, பயறு போன்ற பயிர்களுக்கு மட்டுமே தண்ணீர்." இதற்கு இடம் கண்டுபிடிக்க ஒன்பதாவது பந்தியை முழுதாக விட்டுவிட வேண்டியிருந்திருக்கும், விடலாம், அதில் அன்றைக்கு எவரும் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

இதன் கீழே "அதுவரை விதைநெல் ஊறவைக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்க என் கை துடித்திருக்கும். நல்ல அறிவுரைதான். ஆனால் கூட்டம் அப்படிச் சொல்லவில்லை; ஏழாவது பந்தியிலும் இல்லை, வேறெந்தப் பந்தியிலும் இல்லை. எழுதத்தான் வேண்டுமென்றால் ஒரு கோடிட்டு, "செயலாளரின் குறிப்பு" என்று வேறாக எழுத வேண்டும். நல்லெண்ணத்தில் சேர்த்த வரியும் மூலத்தில் இல்லாத வரிதான்.

மூல அறிக்கை கையில் கிடைக்காத வேளைகளும் உண்டு. வெள்ளத்தில் நனைந்த கோப்புகளை நான் கண்டிருக்கிறேன். அப்போது சுருக்கத்தின் சொற்களை மாற்றக் கூடாது. முழு வாக்கியங்களை விட மட்டும் செய்யலாம். "சுருக்கக் குறிப்பின்படி" என்றும் எழுதிவிட வேண்டும். "போதுமானதாக இருந்தால்" என்று சுருக்கம் சொல்வதை "18 அடி இருந்தால்" என்று ஞாபகத்திலிருந்து திருத்துவதும், அந்த ஞாபகம் சரியாகவே இருந்தாலும், இன்னொரு ஊகந்தான்.

அடுத்த ஆண்டிலிருந்து பந்தி இலக்கங்களைப் பென்சிலில் மட்டும் வைத்திருக்காமல் பலகையிலேயே எழுதத் தொடங்கினேன். முதல் கிழமையே அந்த முதியவர் அலுவலகப் படியேறி வந்து கதிரையில் அமர்ந்து, "ஆறாம் பந்தியை வாசி, கேப்பம்" என்றார். அறிக்கையை எடுத்து முழுதாக வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிந்ததும், திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.