ஹால் திரையிலும் லேப்டாப்பிலும் ஒரே படம்: ஸ்கோப் ஏன் சின்னதாகத் தெரிகிறது?

வணக்கம் நண்பர்களே. குறும்படம் எடுக்கக் கிளம்புகிற ஒருவரிடம் என்ன ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது ஃபிரேமின் அகலத்துக்கும் உயரத்துக்கும் என்ன விகிதம் என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் "ஸ்கோப்" என்றுதான் பதில் வரும். 2.39:1. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தாலே சினிமா மாதிரி இருக்கிறது என்பார்கள். சரி, அந்தப் படம் எங்கே ஓடப்போகிறது? ஒரு ஹாலில் புரொஜெக்டர் வைத்து ஒரு முறை ஓடும். அப்புறம் லேப்டாப்பில்தான் பார்ப்பார்கள். இந்த இரண்டு இடத்திலும் ஸ்கோப் என்ன ஆகிறது என்று இன்றைக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தியேட்டரில் ஸ்கோப் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் ரேஷியோ மட்டும் இல்லை. முறையாகக் கட்டிய பல தியேட்டர்களில் திரையின் உயரம் மாறாது. சாதாரணப் படம் என்றால் பக்கவாட்டுத் திரைச்சீலை உள்ளே வரும், ஸ்கோப் படம் என்றால் விலகும். அதாவது உயரம் அப்படியே இருக்க, அகலம் கூடும். 1953-ல் சினிமாஸ்கோப் வந்தபோது பார்த்தவர்களை அசத்தியதே அந்தக் கூடுதல் அகலம்தான்.

ஹால் புரொஜெக்டரிலும் லேப்டாப்பிலும் கதை தலைகீழ். அங்கே அகலம்தான் மாறாது. படத்தை எவ்வளவு அகலமான ரேஷியோவில் எடுக்கிறீர்களோ, அவ்வளவு உயரம் போய்விடும். கூடுதலாக எதுவும் கிடைக்காது.

இப்போது திரையில் நான் வரைந்திருப்பதைப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத் திரை. ஹாலில் மாட்டியிருப்பது பழைய 4:3 புரொஜெக்டர், அதாவது 1024 x 768 பிக்சல். இந்த வகை இன்னும் நிறைய இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முழு வெளிச்சம் விழும் இடம் மூன்று மீட்டருக்கு 2.25 மீட்டர். இதில் 16:9 படம் போட்டால் உயரம் 1.69 மீட்டர். 2:1 என்றால் ஒன்றரை மீட்டர். ஸ்கோப் போட்டால் 1.25 மீட்டர்தான். 768 வரிசை பிக்சலில் 428 வரிசைதான் உங்கள் படம், மிச்சம் எல்லாம் பட்டை. அந்தப் பட்டையும் கறுப்பாக இருக்காது. புரொஜெக்டரால் கறுப்பை உமிழ முடியாது, வெளிச்சத்தைத் தடுக்கத்தான் முடியும். அந்தத் தடுப்பில் எப்போதும் கொஞ்சம் ஒழுகும். அதனால் இருட்டு ஹாலில் படத்துக்கு மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் இரண்டு பெரிய பட்டைகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த அதே பட்டை இங்கே அழுக்காகத் தெரியும்.

குளோசப்பில் இது இன்னும் உறைக்கும். குளோசப்பை நாம் ஃபிரேமின் உயரத்தை வைத்துத்தானே அளவெடுக்கிறோம்? நெற்றியிலிருந்து தாடை வரை ஃபிரேமில் முக்கால் பங்கு என்று வைத்தால், 16:9-ல் அந்த முகம் திரையில் 1.27 மீட்டர். அதே குளோசப் ஸ்கோப்பில் 94 சென்டிமீட்டர். நடிகர் அதே கண்ணீரைத்தான் விடுகிறார், கால் பங்கு சின்ன முகத்தில் விடுகிறார், அவ்வளவுதான்.

"ஹால் திரைதான் பெரிசாச்சே, பரவாயில்லை" என்று கமென்டில் யாராவது எழுதுவீர்கள். கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். திரையிலிருந்து எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மூன்று மீட்டர் திரை எவ்வளவு பெரிதாகத் தெரியும் தெரியுமா? கண்ணுக்கு அறுபது சென்டிமீட்டர் முன்னால் வைத்த 22 சென்டிமீட்டர் அகலப் படம் அளவுக்குத்தான். ஒரு 14 இன்ச் லேப்டாப்பின் திரை அகலம் 31 சென்டிமீட்டர். ஆக, பின்வரிசைக்காரருக்கு உங்கள் படம் லேப்டாப்பைவிடச் சின்னது. முன்வரிசைக்காரருக்கு ரொம்பப் பெரியது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஃபிரேம் வைக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 16:9. அகலமான தோற்றம் வேண்டியே தீரும் என்றால் 2:1 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். 1920 x 1080 ஃபைலுக்குள் 2:1 என்பது 1920 x 960. மேலே அறுபது, கீழே அறுபது பிக்சல் பட்டை. இப்போது நிறைய லேப்டாப் 16:10-ல் வருகிறது. அந்தத் திரையில் 16:9 படம் உயரத்தில் 90 சதவீதத்தையும், 2:1 படம் 80 சதவீதத்தையும் பிடிக்கும். ஸ்கோப் 67-க்கு இறங்கிவிடும்.

நடுவில் 1.85:1 ஒன்று இருக்கிறதே என்பீர்கள். தியேட்டருக்கான டிஜிட்டல் ஃபைல் தொகுப்பான டி.சி.பி. செய்யப்போகிறீர்கள் என்றால் அது நல்ல தேர்வு. சாதாரண எம்.பி.4 ஃபைலில் அது ஒரு தொல்லை. மேலே 21, கீழே 21 பிக்சலில் நூல் மாதிரி ஒரு பட்டை வரும். ஹாலில் பார்க்கிறவர் அதை உங்கள் ரசனை என்று நினைக்க மாட்டார், புரொஜெக்டரைச் சரியாக வைக்கவில்லை என்றுதான் நினைப்பார். ஒருவேளை பின்னால் டி.சி.பி. தேவைப்பட்டாலும் 16:9-க்குச் சிக்கல் இல்லை. 1.85-க்கான 1998 x 1080 ஃபிளாட் கட்டத்துக்குள் அப்படியே உட்காரும், பக்கத்துக்கு 39 பிக்சல் மட்டும் காலியாக இருக்கும்.

இப்போது ஃபிரேமிங்குக்கு வருவோம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். மேஜையின் இரண்டு முனையிலும் அக்காவும் தம்பியும். அக்கா ஒரு கவரைத் தம்பி பக்கம் தள்ளுகிறாள். வசனம் இல்லை. கவர்தான் காட்சி.

இதை ஸ்கோப்புக்கு என்று யோசித்தால் எப்படி வைப்போம்? இருவரையும் இரண்டு ஓரத்துக்குத் தள்ளுவோம், நடுவில் வெறும் மேஜை, கேமரா மார்பு உயரத்தில் இருக்கும். லேப்டாப் மானிட்டரில் பிரமாதமாக இருக்கும். ஹாலில் இரண்டு சங்கதி நடக்கும். கேமரா மார்பு உயரத்தில் இருப்பதால் மேஜைப் பரப்பு ஒரு மெல்லிய கோடாகி ஃபிரேமின் அடியில் கிடக்கிறது. கவர் நகர்வது அங்கேதான். தரை சமமாக இருக்கிற ஹாலில், பின்னால் இருப்பவர்களில் பலருக்குப் படத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்கை முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். கவர் போச்சு. அடுத்தது, ஓரத்தில் இருக்கிற தம்பியின் தோள். சில புரொஜெக்டரில் ஓவர்ஸ்கேன் என்று ஒரு செட்டிங் திறந்திருக்கும், படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் தின்னும். இல்லையென்றால் படம் திரையைத் தாண்டிச் சுவரில் விழும். தம்பி பாதிதான் இருப்பான்.

இதை 16:9-ல் மாற்றி வைப்போம். கேமராவை ஒரு முப்பது சென்டிமீட்டர் ஏற்றி லேசாகக் கீழே சாய்க்கிறேன். மேஜைப் பரப்பு விரிகிறது, கவர் ஃபிரேமின் நடுப்பகுதிக்கு ஏறி வருகிறது. நாற்காலிகளைக் கொஞ்சம் நெருக்கி, இருவரையும் உள்ளே இழுக்கிறேன். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். தலைக்கு மேல் எப்போதும் விடுவதைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக விடுங்கள், ஓவர்ஸ்கேன் தின்றாலும் முடி வெட்டுப்படாது. கவரைத் தள்ளும் விரல்களுக்கு ஒரு தனி குளோசப் கட்டாயம் எடுத்து வையுங்கள். வைட் ஷாட்டில் அந்த விரல்கள் பின்வரிசைக்குப் போய்ச் சேராது.

ஓரத்தைப் பற்றிய விதி சுலபம். நாலு பக்கமும் ஐந்து சதவீதம், அதாவது 1920 x 1080-ல் பக்கத்துக்கு 96, மேலே கீழே 54 பிக்சல். அந்த எல்லைக்கு வெளியே எழுத்தோ, கதைக்கு வேண்டிய பொருளோ இருக்கக் கூடாது. கேமரா மானிட்டரில் ஃபிரேம் கோடு போட்டுக்கொண்டு எடுங்கள். 2:1 என்றாலும் 16:9 முழுவதையும் சுத்தமாக வைத்து எடுங்கள், மேலே மைக் தொங்கக் கூடாது. பின்னால் மனசு மாறினால் பட்டையை எடுத்துவிடலாம். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் Timeline மெனுவில் Output Blanking என்று இருக்கும், அதில் 2.00 போட்டால் பட்டை வரும், எடுத்தால் போய்விடும். ஷாட்டை வெட்டவே வேண்டாம்.

சப்டைட்டில் பற்றி ஒரு வார்த்தை. பட்டைக்குள் போடாதீர்கள், படத்துக்குள்ளேயே போடுங்கள். ஹாலுக்கான காப்பியில் கீழிருந்து பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏற்றி வையுங்கள். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். 48 பிக்சல் உயர எழுத்து அந்த 1024 அகலப் புரொஜெக்டரில் 26 பிக்சல் ஆகிவிடும். தமிழில் புள்ளியும் சுழியும்தான் முதலில் கரையும். தடித்த எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

எக்ஸ்போர்ட் ஆனதும், FFmpeg-உடன் வரும் ffprobe-ஐ வைத்து ஃபைலை இப்படிச் சோதியுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,sample_aspect_ratio,display_aspect_ratio -of default=nw=1 film.mp4
```

`sample_aspect_ratio=1:1` என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் பிக்சல் சதுரமாக இல்லை என்று அர்த்தம். சில பிளேயர் அதைக் கவனிக்கும், சில கவனிக்காது. ஹாலில் எந்தப் பிளேயர் இருக்கும் என்று உங்கள் கையில் இல்லை.

கடைசியாக, ஹாலுக்குப் போகும்போது ஒரு படம் எடுத்துப் போங்கள். 1920 x 1080-ல் வெள்ளைப் பின்னணி, நடுவில் பெரிய வட்டம், விளிம்பில் ஒரு கோடு, ஐந்து சதவீதத்தில் இன்னொரு கோடு. அதை முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். வட்டம் செங்குத்து முட்டையாக நின்றால், 16:9 படத்தைப் புரொஜெக்டர் 4:3-க்குள் நசுக்குகிறது. அதன் மெனுவில் ஆஸ்பெக்ட்டை Auto-வில் வையுங்கள். விளிம்புக் கோடு தெரியவில்லை என்றால் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். கோடு சாய்வாகப் போனால், கோணலை மெனுவிலேயே சரிசெய்யும் கீஸ்டோனைத் தொடாமல் முதலில் புரொஜெக்டரை நேராக வையுங்கள், கீஸ்டோன் பிக்சலைத் தின்றுதான் நேராக்கும். 16:9 புரொஜெக்டரில் நாலு பக்கமும் பட்டை வந்து படம் நடுவில் சின்னதாக நின்றால் தப்பு லேப்டாப்பில். Duplicate-ல் இருப்பதால் அது 4:3 சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் சாவியோடு P அழுத்தி Extend-க்கு மாற்றி, இரண்டாவது திரைக்கு 1920 x 1080 கொடுத்துவிட்டுப் படத்தை அந்தத் திரையில் ஓட்டுங்கள்.