வாசலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள்

வணக்கம் நண்பர்களே. சின்ன ஊரில் நடக்கிற நாவல்களில் அக்கம்பக்கத்தார் கூட்டமாகச் சேர்ந்து கதாநாயகியைப் பற்றிப் பேசுவார்கள் இல்லையா, இன்று அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரே நாவலை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதி 1937-இல் வெளிவந்த 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. முடிவையும் சொல்லிவிடுவேன், படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.

ஃபுளோரிடாவில் ஈட்டன்வில் என்று கறுப்பின மக்களின் ஊர் ஒன்று உண்டு. நிஜமான ஊர், ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். நாவல் தொடங்கும்போது பொழுது சாய்கிறது, எல்லோரும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேனி என்ற நாற்பது வயதுப் பெண் தெருவில் நடந்து வருகிறாள். தன்னைவிட இளையவன் ஒருவனோடு ஊரைவிட்டுப் போனவள், இப்போது தனியாகத் திரும்பி வருகிறாள். உடம்பில் சேறு படிந்த ஓவரால்.

உடனே கேள்விகள் ஆரம்பிக்கின்றன. போகும்போது போட்டிருந்த நீலப் பட்டு உடுப்பு எங்கே? புருஷன் விட்டுச்செத்த பணமெல்லாம் எங்கே? இந்த வயதில் சின்னப் பெண் மாதிரி முடியை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு என்ன நடை? கூடப் போன பையன் எங்கே? வேறு சின்னப் பெண்ணைத் தேடிக்கொண்டு போய்விட்டானா?

அந்தப் பத்தியை நிதானமாகப் பாருங்கள். எந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் என்று ஹர்ஸ்டன் சொல்வதில்லை. நடுவில் கோடு மட்டும் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். பேசுபவருக்குப் பெயர் இருந்தால் அது ஒருத்தியின் பொறாமை, ஒருத்தனின் வன்மம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். பெயரே இல்லாததால் ஊரே ஒரே வாயால் பேசுகிறது. பழைய கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்ற பாடகர் குழு செய்த வேலை கிட்டத்தட்ட இதுதான். அந்தக் குழுவையும் நடிகர்களில் ஒருவராகவே நடத்த வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். கேள்விகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து பிறந்தவை: உடுப்பு, முடி, பக்கத்தில் ஆள் இல்லாதது. அந்த நேரத்தில் வாசகருக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது. ஜேனியின் மனதுக்குள் நம்மை இன்னும் விடவில்லை. அதனால் நாமும் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறோம், நமக்கும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஊர் கெட்டது, கதாநாயகி நல்லவள் என்று முதல் வரியிலேயே காட்டிவிடும் நாவல்களில் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அங்கே புறணி பேசுபவர்கள் வெறும் வில்லன்கள், நாம் சௌகரியமாக வெளியே நிற்கிறோம்.

சரி, இவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? ஹர்ஸ்டன் காரணத்தை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுகிறார். பகல் முழுவதும் இவர்கள் யாரோ ஒரு முதலாளியிடம் வேலை செய்தவர்கள். வாய், காது, கண் எதுவும் இல்லாத கோவேறு கழுதைகள் மாதிரி இருந்தவர்கள். சூரியனும் முதலாளியும் போன பிறகுதான் மனிதராகிறார்கள், கிடைத்த கொஞ்ச நேரத்தில் அடுத்தவரை எடைபோடுகிறார்கள். போதாததற்கு, ஜேனி முன்பு ஊர் மேயரின் மனைவி. அவள்மேல் சேர்ந்திருந்த பழைய பொறாமையும் இப்போது வெளியே வருகிறது. எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இது. அவர்கள் பேசுவதைக் கொடூரம் என்றே ஆசிரியர் சொல்கிறார், ஆனாலும் அவர்களைக் கேவலப்படுத்தவில்லை.

அப்புறம் நாவல் முழுக்க, அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. ஓவரால் போட ஆரம்பித்தது, டீ கேக் என்ற அந்த இளைய கணவனோடு சேர்ந்து அவரைக்காய் பறிக்க வயலுக்குப் போனதால். முடி விஷயம்தான் ஆழமானது. முந்தைய கணவனான மேயர் ஜோ ஸ்டார்க்ஸ், மற்ற ஆண்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பொறாமையில், தங்கள் கடையில் இருக்கும்போதெல்லாம் அவள் தலையில் துணி கட்டச் சொன்னான். அவன் இறந்த அன்றுதான் அந்தத் துணியை அவிழ்த்தாள். ஊர் அதே முடியை வயதுக்கு அடங்காத ஆட்டம் என்று படித்தது. பார்த்தது சரி, அர்த்தம் தப்பு. அக்கம்பக்கப் பேச்சு பெரும்பாலும் பிசகும் இடம் இதுதான். முழுப் பொய்யை எழுதினால் வாசகர் நம்பமாட்டார். ஒரு உண்மையான விவரத்தைத் தவறாகப் படித்தால்தான் வலிக்கும்.

இந்த இடத்தில் தொல்காப்பியம் ஞாபகம் வருகிறது. அகப்பாடல்களில் ஊரும் அயலாரும் நேரடியாகப் பேசக் கூடாது என்று செய்யுளியலில் ஒரு விதி உண்டு. அவர்கள் சொன்னதைத் தலைவியோ தோழியோ எடுத்துச் சொன்னால்தான் நமக்குக் கேட்கும். எத்தனை பாட்டில் அலர் வருகிறது, ஒன்றிலாவது அலர் தூற்றும் பெண்கள் நேரே வந்து பேசுகிறார்களா? அங்கே ஊர்ப்பேச்சு தலைவியின் பயமாக வருகிறது. நாவல் அந்த வாயைத் திறந்துவிட்டது. நாம் முதலில் ஊரைக் கேட்கிறோம், பிறகுதான் அவளை.

இனி முடிவு. புயல் வெள்ளத்தில் ஜேனியைக் காப்பாற்றப் போய் வெறிநாய் கடித்து, டீ கேக்குக்கு வெறி முற்றிவிடுகிறது. அவன் துப்பாக்கியை அவளுக்கு நேராக நீட்டும்போது அவள் அவனைச் சுட்டுவிடுகிறாள். வழக்கு நடக்கிறது. நடுவர் குழுவில் எல்லோரும் வெள்ளையர்கள். நீதிமன்றத்தின் பின்னால் டீ கேக்கின் நண்பர்கள் திரளாக நிற்கிறார்கள், இன்னொரு கோரஸ். அவர்கள் அனைவரும் அவளுக்கு எதிர். சாவைவிட, தன்னைத் தவறாகப் புரிந்துகொள்வார்களோ என்றுதான் ஜேனி அங்கே பயப்படுகிறாள். நடுவர்கள் அவளை விடுவித்துவிடுகிறார்கள். பின்னால் நின்றவர்களின் தீர்ப்போ அதோடு முடியவில்லை. டீ கேக்கைச் சகல மரியாதையோடு அவள் அடக்கம் செய்யும்போதுதான் அவர்கள் மனம் இறங்குகிறது.

ஈட்டன்வில் வாசல்காரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை மன்னிப்புக் கேட்கவைக்க ஹர்ஸ்டன் கூட்டி வரவே இல்லை. ஜேனி தன் கதையை ஃபீபி என்ற ஒரே தோழியிடம் சொல்கிறாள். வேண்டுமானால் அவர்களிடம் சொல், உன் வாயில் இருப்பதும் என் நாக்குதான் என்கிறாள். ஃபீபியும் முதலில் அந்த வாசல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள்தான், அங்கிருந்து எழுந்து ஒரு தட்டுச் சோறு எடுத்துக்கொண்டு வந்தவள். கதை கேட்டு முடித்ததும், என் காதுபட யாரும் இனி உன்னைக் குறை சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தது அவள் ஒருத்திதான், ஹர்ஸ்டனுக்கு அது போதும் என்று தோன்றியிருக்கிறது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஊரே திருந்துகிற முடிவைவிட இதை நான் நம்புகிறேன்.

நீங்கள் படித்த நாவலில் இப்படி ஊர்க்கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் பிரிந்து வருகிற இடம் இருந்தால், எந்த நாவல், யார் அவர் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதில் ஒன்றை எடுத்துப் பேசுகிறேன்.