அங்கீகரித்தவரே பணம் அனுப்பினால்

நேயர்களுக்கு வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் மூன்று பேர். வழங்குநரின் விலைப்பட்டியலை ஒருவர் கணினியில் பதிகிறார். இன்னொருவர் அதைச் சரக்கு வந்த குறிப்போடு ஒப்பிட்டு அங்கீகரிக்கிறார். வங்கி வழியே பணம் அனுப்புவது மூன்றாமவர். மென்பொருளும் அவரவர் வேலைக்கான உரிமையை மட்டுமே தந்திருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பணம் அனுப்புபவர் ஊருக்குப் போகிறார். வழங்குநர்களோ விடுமுறைக்கு முன் காசு கேட்டு நெருக்குகிறார்கள். 'ஒரு கிழமைக்குத்தானே' என்று அங்கீகரிப்பவருக்கே கொடுப்பனவு உரிமையும் சேர்க்கப்படுகிறது. போனவர் வந்த பிறகும் அதை யாரும் எடுப்பதில்லை. உரிமை குறைந்தால் உடனே முறைப்பாடு வரும். கூடிப்போனால் எவரும் வாய் திறப்பதில்லை.

இனி என்ன நடக்கலாம்? அட்டைப் பெட்டிகளுக்கு 285,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதே பட்டியலின் பிரதி, இலக்கத்தின் கடைசியில் ஒரு 'A' சேர்ந்து, மீண்டும் மேசைக்கு வருகிறது. பதிபவர் கையில் கிடைத்த தாளைப் பதிகிறார். இலக்கம் வேறு என்பதால், ஒரே பட்டியல் இரண்டாம் முறை பதியப்படுகிறது என்று மென்பொருள் பிடிக்காது. சரக்குக் குறிப்பு இல்லாமலே அங்கீகரித்து, தான் விரும்பிய கணக்குக்குப் பணத்தை அனுப்புவது ஒரே ஆள். இடையில் வேறு கண் படவே இல்லை. வங்கிக் கணக்கை நிறுவனத்தின் ஏட்டோடு ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றையும் அவரே தயாரித்தால், மாத முடிவிலும் வெளிவராது.

ஆகவே பாத்திரங்களைப் பிரித்தால் மட்டும் போதாது. அங்கீகரிப்பது, பணம் அனுப்புவது என்ற இரண்டு பாத்திரங்களும் ஒரே பயனருக்குச் சேரக்கூடாது என்ற விதியை மென்பொருளிலேயே போடவேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு பட்டியலிலும் அங்கீகரித்த பயனரும் பணம் அனுப்பும் பயனரும் ஒன்றென்றால் மென்பொருள் மறுக்கவேண்டும். பதில் கடமைக்குக் கொடுக்கும் உரிமைக்கு முடிவுத் திகதி கட்டாயம். ஆள் போதாத இடத்தில் பணம் அனுப்பும் கடைசிப் படியை முதலாளியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. உரிமைகளை மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல் இந்த மூவரில் ஒருவரிடமும் இருக்கக்கூடாது.

மென்பொருளுக்கு வெளியேயும் ஓட்டை உண்டு. வங்கியின் இணையச் சேவையில் ஒருவர் தயாரிக்க, மற்றவர் உறுதிசெய்யவேண்டும் என்று இருக்கும். ஆனால் உறுதிசெய்யும் முகாமையாளரின் கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைத்திருந்தால், இரண்டு பெயரும் ஒரே விரலால்தான் அழுத்தப்படும்.

உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று அறிய, கடந்த மூன்று மாதக் கொடுப்பனவுகளை எடுத்து, அங்கீகரித்தவர் பெயரையும் அனுப்பியவர் பெயரையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் வையுங்கள். ஒரே பெயர் வரும் வரிகளுக்குத் தாள்களைத் தேடியெடுங்கள். பிறகு பரீட்சார்த்தத் தரவில் ஒரு பட்டியலை அங்கீகரித்து, அதே பயனராகப் பணம் அனுப்பிப் பாருங்கள். மென்பொருள் எச்சரித்துவிட்டு, 'தொடரவா?' என்று கேட்டால், அதைத் தடை என்று கணக்கில் எடுக்கவேண்டாம்.