நான்காம் வாரப் பாடம்: மன்னிப்பின் கணக்கு

அன்பான போதகர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

கர்த்தருடைய ஜெபத்தை ஐந்து வாரங்களில் வரிவரியாகக் கற்பிக்கும்போது, பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யமும் சித்தமும், அன்றாட ஆகாரம் ஆகியவற்றை முதல் மூன்று வாரங்களில் முடித்துவிட்டு, நான்காம் வாரம் முழுவதையும் மன்னிப்பு கேட்கும் வரிக்கே ஒதுக்குங்கள் என்று வேண்டுகிறேன். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு இந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும், இந்த ஒரு வரிக்கு மட்டுமே 14, 15-ஆம் வசனங்களில் விளக்கம் தருகிறார். நாம் பிறருக்கு மன்னிக்காவிட்டால் பிதாவும் நமக்கு மன்னியார் என்ற அந்த வார்த்தையைக் கேட்டு வகுப்பே திகைக்கும். அந்தத் திகைப்பை உடனே ஆற்றிவிடாமல், அங்கிருந்தே மத்தேயு 18:23-35-க்குச் செல்லுங்கள்.

அந்த உவமையின் தொகைகளைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பாரையே கணக்கிடச் செய்யுங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆகவே ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட 10,000 தாலந்து ஆறு கோடி நாள் கூலியாகும். ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அதை அடைக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் வேண்டும். அவனுடைய உடன் ஊழியக்காரன் அவனுக்குப் பட்டதோ 100 வெள்ளிப்பணம். இதை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். நூறு நாள் கூலியை இழந்த குடும்பம் எப்படித் தவிக்கும் என்பதை வகுப்பில் பலர் அறிவார்கள். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு சிறியது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை.

பிறகு, முதலில் மன்னித்தவர் யார் என்று கேளுங்கள். ராஜாதான் என்ற பதில் வகுப்பிலிருந்தே வரவேண்டும். அது வராவிட்டால், நாம் மன்னிப்பதற்குக் கூலியாகத்தான் தேவன் மன்னிக்கிறார் என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அறிந்து, 27-ஆம் வசனத்தை மறுபடியும் வாசியுங்கள். அங்கே ராஜா மனதிரங்கிக் கடனை மன்னித்துவிடுகிறார். பெற்ற இரக்கத்தைப் பிறனுக்கு மறுத்ததே அந்த ஊழியக்காரன்மேல் வந்த குற்றச்சாட்டு.

இன்னொரு தவறு இதைவிட ஆழமாகக் காயப்படுத்தும். அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போவதே மன்னிப்பு என்று ஒரு பெண் இந்தப் பாடத்திலிருந்து புரிந்துகொண்டு வீடு திரும்பினால், நாம் தவறாகக் கற்பித்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் 15 முதல் 17 வரையுள்ள வசனங்களில், குற்றம் செய்தவனிடம் அதை எடுத்துச் சொல்லவும், அவன் கேளாவிட்டால் சாட்சிகளோடு செல்லவும், பின்பு சபைக்குத் தெரியப்படுத்தவும் இயேசு சொல்கிறார். மன்னிப்பு குற்றத்தை மூடிமறைப்பதன்று என்பதை அந்த வசனங்களைக் கொண்டே வெளிப்படையாகச் சொல்லுங்கள். வகுப்பின் முடிவில் எவரையும் எழுந்து நின்று கைகுலுக்கும்படி வற்புறுத்தாதீர்கள். தனியே பேச விரும்புகிறவர்களுக்காக அரை மணி நேரம் ஆலயத்திலேயே காத்திருங்கள்.