கேள்வி இல்லாமல் வரும் பெயர்ப்பலகைப் படம்

நேயர்களுக்கு வணக்கம்.

மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் வாட்ஸாப்பில் அடிக்கடி வந்து சேர்வது கடைப் பெயர்ப்பலகையின் படம். படம் மட்டும் வரும். அதனுடன் ஒரு சொல்கூட இருக்காது. பிழை திருத்தித் தர வேண்டும் என்கிறாரா, பலகையில் இருப்பதன் பொருளைக் கேட்கிறாரா, பலகையின் அமைப்பைப் பற்றிக் கருத்து வேண்டுகிறாரா என்பதைப் பெறுபவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்தவரின் கண் முதலில் பிழையைத்தான் தேடிப் போகும். அதற்கு முன்பு, அந்தப் பலகை எந்த நிலையில் இருக்கும்போது படம் எடுக்கப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

அண்மையில் எனக்கு வந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். மேல்வரியில் பெரிய ஆங்கில எழுத்துகளில் கடையின் பெயர் இருந்தது. அதன் கீழே அந்தப் பெயரே தமிழில், பாதி உயரத்தில், 'ஆயில் ஸ்டோர்' என்று முடிந்தது. அதற்கும் கீழே, 'மரசெக்கு எண்ணை மொத்தமாகவும் சில்லரையாகவும் விற்ப்பனை செய்யப்படும்' என்று ஒரு வரி. இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸ் பலகை. கடைவாசலில் இன்னும் ஏற்றப்படாமல் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சாய்ந்த பலகை நிறையச் சொல்லிவிடுகிறது. சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்தோ பேருந்துச் சன்னல் வழியாகவோ எடுத்த படமாயிருந்தால், அனுப்பியவர் கடைக்குத் தொடர்பில்லாதவர். பிழையைப் பார்த்த வருத்தத்தைப் பகிர்ந்துகொள்கிறார், அல்லது அங்கே என்ன கிடைக்கும் என்று அறிய விரும்புகிறார். கணினித் திரையைப் படம் பிடித்திருந்தால் அது அச்சுக்குப் போகுமுன் வந்த மெய்ப்பு. அங்கே உடனடியாகத் தேவைப்படுவது திருத்தம். தரையில் நிற்கும் பலகையோ அச்சாகி முடிந்தது, ஆனால் மாட்டப்படவில்லை. ஆகவே அனுப்பியவர் கடைக்காரரின் குடும்பத்தவராகவே இருக்க வேண்டும், அவர் மனத்தில் ஓடுவது 'இதை ஏற்றலாமா' என்ற கவலையாக இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். இருந்தாலும் ஊகத்தை நம்பி நீண்ட பதில் எழுதுவது தவறு. பலகையில் உள்ளதை உள்ளபடியே, பிழையோடு தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, 'இது உங்கள் கடைப் பலகையா? அச்சாகிவிட்டதா?' என்று மட்டும் கேட்டேன். 'என்ன வேண்டும்' என்று கேட்டால் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கு எவரும் பதில் சொல்லிவிடுவார்.

பொருள் மட்டும் தேவைப்படுகிறவருக்கு எழுத்துப்பிழைகளை எடுத்துச் சொல்வதால் பயனில்லை. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, செக்கில் ஆட்டிய எண்ணெய் இங்கே மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் என்று சொன்னால் போதும். 'ஆயில் ஸ்டோர்' என்பதைப் படித்துக் காட்டினாலே அவருக்குப் புரிந்துவிடும். பிழையால் பொருள் மாறும் இடத்தில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். இடையின ரகரத்தில் 'கரிக்கடை' என்று எழுதிய பலகை, அடுப்புக்கரி விற்கும் கடையுடையதாகவும் இருக்கலாம், இறைச்சிக் கடையுடையதாகவும் இருக்கலாம். பலகைக்குக் கீழே மூட்டைகள் இருக்கின்றனவா, கொக்கிகள் தொங்குகின்றனவா என்று பார்த்த பிறகே பொருள் சொல்ல வேண்டும்.

திருத்தம் கேட்கிறவருக்குப் பதில் சொல்லுமுன், பிழை எழுதியவருடையதா எழுத்துருவினுடையதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால், மெய்க்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். ஓர் இடத்தில் மட்டும் கொம்பு தவறியிருந்தால் அது தட்டச்சுப் பிழை. பலகை முழுவதும் கொம்புகள் எல்லாம் இடம் மாறியிருந்தால் அது மென்பொருளின் குறை. பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் `mk;kh` என்று தெரியும். இத்தகைய பலகையை அனுப்புகிறவர்களிடம் இலக்கணம் பேசுவது வீண். எழுத்துரு இல்லாத கணினியிலும் தோற்றம் மாறாதபடி எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றிய கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

என் படத்தில் இந்தக் குறை இல்லை. 'செக்கு', 'மொத்தமாகவும்' ஆகிய சொற்களில் கொம்புகள் ஒழுங்காகவே நின்றன. நான்கு பிழைகளும் எழுதியவருடையவை.

சிறிது நேரத்தில் பதில் வந்தது. கடைக்காரரின் மகள் அனுப்பியிருந்தார். பலகை அச்சாகிவிட்டது, பிழை இருப்பதாக யாரோ சொன்னார்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். ஆக, அவர் கேட்டது இலக்கணமும் பலகை வேலையும் கலந்த கேள்வி. எது பிழை என்பதோடு, எந்தப் பிழையை ஒட்டித் திருத்த முடியும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

'சில்லரை' என்பதில் இடையின ரகர ஐகாரத்தின் மேல் வல்லின றகர ஐகாரத்தை ஒட்டினால் 'சில்லறை' ஆகிவிடும். ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து, இடம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். 'விற்ப்பனை' என்பதில் ஒரு பகர மெய் மிகை. றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது. 'முயற்சி', 'பயிற்சி' போன்ற சொற்களிலும் இதே தவறு நேர்கிறது. மிகையானதை மறைத்துவிடலாம், ஆனால் சொல்லின் நடுவே ஒரு பள்ளம் விழும், தொலைவிலிருந்து பார்ப்பவர் அதை இரண்டு சொல்லாகப் படிப்பார். 'மரசெக்கு' என்பதில் விடுபட்ட சகர மெய்யை நுழைத்து 'மரச்செக்கு' ஆக்க இடமே இல்லை. 'எண்ணை' என்பதை 'எண்ணெய்' ஆக்குவதும் அப்படித்தான்: கடைசியில் யகர மெய் ஒன்று கூடுதலாக வருகிறது. மாற்றுவது எளிது, நீக்குவது அசிங்கமாகத் தெரியும், சேர்ப்பது முடியாது. நான்கில் ஒன்றுதான் ஒட்டுக்குச் சரிப்பட்டது.

அந்த வரியை மட்டும் தனித் துண்டாக அச்சிட்டு மேலே ஒட்டலாமே என்று தோன்றும். எழுத்துப்பிழை மட்டும் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மேல்வரியின் ஆங்கிலம் அதற்கு இடம் தரவில்லை. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் ஐந்து, மூன்று, இரண்டு என்ற விகிதத்தில் எழுத்துகள் அமைய வேண்டும் என்று தொழிலாளர் துறை அறிவுறுத்தி வருகிறது. இந்தப் பலகையில் ஆங்கிலம் மேலேயும் இருந்தது, தமிழைவிட இருமடங்கு உயரமாகவும் இருந்தது. நான்கு பிழைகளையும் திருத்தி மாட்டினாலும், மொழி வரிசைக்காக அதை மறுபடியும் இறக்க நேரிடலாம். ஆகவே புதிதாக அச்சிடுவதே செலவைக் குறைக்கும் என்று எழுதினேன். அந்தப் பெண் வருந்தினார். அவர்கள் அதற்குச் செலவழித்தது உழைத்துச் சேர்த்த பணம்.

புதிய பலகைக்கான வாசகத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டச்சு செய்து அனுப்பினேன். கடையின் பெயரை மட்டும் நான் தொடவில்லை. அதன் எழுத்துக்கூட்டு எப்படி இருந்தாலும், உரிமத்திலும் வரிப்பதிவுச் சான்றிதழிலும் உள்ளபடியே பலகையிலும் இருக்கட்டும், சான்றிதழைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். சரக்கு சேவை வரிப் பதிவு இருந்தால் அந்த எண் வாயிற்பலகையில் இருக்க வேண்டும். பழைய பலகையில் அது காணப்படவில்லை, அதற்கும் ஓர் இடம் விடச் சொன்னேன். அச்சகத்தில் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிட்டால் அதன் பிறகு தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆகையால் மாற்றுவதற்கு முன்பே திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், அந்தப் படத்தோடு 'பிழை பார்க்கவும்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவர் அப்படியே அனுப்பினார். அதில் 'மரச்செக்கு' சரியாக இருந்தது. 'எண்ணெய்' என்பதில் யகர மெய்யின் புள்ளி மட்டும் விடுபட்டிருந்தது. அதையும் சேர்த்த பிறகு பலகை அச்சுக்குப் போயிற்று.

நன்றி, வணக்கம்.